வாட்ஸ்அப் எக்ஸ்போர்ட்டில் ‘செக்யூரிட்டி கோடு மாறியது’ என்று வந்தால் என்ன பொருள்?

“ஷார்ஜாவில் இருக்கும் என் மச்சானுடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சை என் ஆண்ட்ராய்டு ஃபோனிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தேன். மூன்று இடங்களில் செக்யூரிட்டி கோடு மாறியது என்று வருகிறது. இரண்டாவது வரிக்கு மறுநாள்தான் ‘மனைப் பணத்தை வேறு கணக்குக்குப் போடுங்க’ என்ற செய்தி வந்தது, நானும் அனுப்பிவிட்டேன். அதைத் தான் அனுப்பவில்லை, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்கிறார். ஆனால் அவர் தன் ஐபோனில் எடுத்த எக்ஸ்போர்ட்டில் இந்த வரிகளே இல்லை. அழித்துவிட்டாரா? இந்த வரி ஹேக்கை நிரூபிக்குமா?”

அவர் அழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வரிகள் முதலிலிருந்தே அவருடைய ஃபோனில் இருந்திருக்காது. ஹேக் நடந்தது என்பதை அந்த வரி தனியாக நிரூபிக்காது. ஆனால் மூன்று வரிகளும் எந்த இடைவெளியில் வந்திருக்கின்றன என்பதையும், இருவருடைய கோப்புகளிலும் எது இருக்கிறது, எது இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் சொல்வதை ஓரளவு உறுதியாகவே சோதித்துவிடலாம்.

முதலில் அந்தக் குறியீடு என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பலரும் அதைக் கடவுச்சொல் போன்ற ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் தன் எண்ணை ஒரு ஃபோனில் வாட்ஸ்அப்பில் பதிவு செய்யும்போது அந்தச் செயலி ஒரு ஜோடிச் சாவிகளை உருவாக்குகிறது. ஒன்று அந்த ஃபோனைவிட்டு வெளியே போகாத இரகசியச் சாவி. மற்றது வாட்ஸ்அப் சேவையகத்தின் வழியாக உங்களுக்கும் தரப்படும் பொதுச் சாவி. அவருடைய பொதுச் சாவியிலிருந்து 30 இலக்கங்களும் உங்களுடையதிலிருந்து 30 இலக்கங்களும் கணக்கிடப்பட்டு, சேர்த்து 60 இலக்கங்களாக, ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதிகளில் காட்டப்படுகின்றன. அவருடைய தொடர்பு விவரத்தைத் திறந்து Encryption என்ற இடத்தைத் தொட்டால் இதை நீங்களே பார்க்கலாம். ஆகவே அது உங்கள் இருவருக்கும் பொதுவான எண். இரு பக்கச் சாவிகளில் எது மாறினாலும் அந்த எண்ணும் மாறிவிடும்.

சாவி மாறுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை மிகச் சாதாரணமானவை. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது, புதிய ஃபோன் வாங்கி அதே எண்ணைப் பதிவு செய்வது, பழுதான ஃபோனைச் சுத்தமாக அழித்துத் திரும்பத் தொடங்குவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். கணினி போன்ற சாதனத்தை இணைத்தாலோ இணைத்ததை நீக்கினாலோ குறியீடு மாறக்கூடும் என்று வாட்ஸ்அப் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. வேறொருவர் உங்கள் மச்சானின் எண்ணுக்கு வந்த ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை எப்படியோ வாங்கி, தன் ஃபோனில் அந்த எண்ணைப் பதிவு செய்தாலும் இதே வரிதான் வரும். மாற்றம் நடந்தது என்பதை மட்டுமே அந்த வரி தெரிவிக்கிறது. மாற்றியவர் யார் என்பது செயலிக்கே தெரியாத விஷயம். வீட்டுக்காரர் பூட்டை மாற்றினாலும் திருடன் மாற்றினாலும் வெளியே நிற்பவருக்குத் தெரிவது பூட்டு புதியது என்பது மட்டும்தானே.

இப்போது அவருடைய கோப்பில் அந்த வரி ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். உங்கள் ஃபோன் உங்களுக்குச் சொல்வது எதிர்ப்பக்கத்தின் சாவி மாறியதைத்தான். மச்சான் செயலியை மறுபடி நிறுவினால் அறிவிப்பு உங்கள் திரையில் வரும். நீங்கள் நிறுவினால் அவர் திரையில் வரும். ஆகவே ஒரே பேச்சின் இரண்டு எக்ஸ்போர்ட்டுகளில் இந்த வரிகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதே இயல்பு. ஒரே இடத்தில் இருந்தால்தான் நான் நின்று யோசிப்பேன். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. இந்த அறிவிப்பு எல்லோருக்கும் தானாக வருவதில்லை. Settings, Account, Security notifications என்று போய் Show security notifications on this device என்பதை ஒருவர் தன் ஃபோனில் இயக்கி வைத்திருந்தால்தான் வரும். தொடக்கத்தில் அது அணைந்த நிலையிலேயே இருக்கும். நீங்கள் எப்போதோ அதை இயக்கியிருக்கிறீர்கள். அவர் இயக்காமல் இருந்திருந்தால், நீங்கள் நான்கு ஃபோன்கள் மாற்றியிருந்தாலும் அவருடைய கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. இதனால், ஒரு கோப்பில் இந்த வரி இல்லை என்பதை வைத்துச் சாவி மாறவே இல்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

கோப்பைப் படிக்கும்போது ஒரு சிறு பொறி இருக்கிறது. நீங்கள் ஆண்ட்ராய்டும் அவர் ஐபோனும் வைத்திருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டில் அறிவிப்பு வரி முன்னால் அனுப்புநர் பெயரின்றி வரும். ஐபோனில் அதே வகை வரி எதிராளியின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

```
14/08/24, 7:52 pm - Your security code with மச்சான் changed. Tap to learn more.
[14/08/24, 7:52:18 PM] மச்சான்: ‎Your security code with மச்சான் changed. Tap to learn more.
```

இரண்டாவது வரியைப் படித்தவர் மச்சானே அதைத் தட்டச்சு செய்து அனுப்பினார் என்று நினைத்துவிட முடியும். குடும்பச் சண்டைகளில் இப்படிப் படித்துவிட்டு, ‘நீயே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறாயே’ என்று கேட்பவர்களும் உண்டு. ஐபோன் கோப்பில் அறிவிப்பு வாசகத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து, U+200E என்ற திசைக்குறி, இருக்கும். கையால் தட்டச்சு செய்த சாதாரணச் செய்தியில் அது இராது. எழுத்துகளின் எண்களைக் காட்டக்கூடிய எந்த உரைத் திருத்தியில் திறந்தாலும் அது தெரியும். ஐபோன் விநாடியையும் தருகிறது, ஆண்ட்ராய்டு நிமிடத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒரே நிமிடத்துக்குள் நடந்த இரண்டு நிகழ்வுகளின் இடைவெளியை உங்கள் கோப்பிலிருந்து சொல்ல முடியாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கோப்பில் உள்ள மணி எக்ஸ்போர்ட் செய்த ஃபோனின் நேர மண்டலத்தில் இருக்கும். உங்கள் கோப்பில் மாலை 7:52 என்று இருப்பது ஷார்ஜாவில் 6:22. இரண்டு கோப்புகளையும் ஒப்பிடும்போது அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளாமல் ‘நேரமே ஒத்துவரவில்லை’ என்று சண்டை போடக் கூடாது. அதுபோலவே, அறிவிப்பு வரியின் நேரம் உங்கள் ஃபோன் அந்த மாற்றத்தை அறிந்த நேரமாகும். சாவி மாறிய சமயத்தில் உங்கள் ஃபோன் அணைந்திருந்தாலோ இணையம் இல்லாமல் இருந்தாலோ வரி பிந்தி வரும். ஆகவே 7:52 என்பதை ‘அதற்குப் பிந்தாமல்’ என்று படிப்பதே சரி.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் தேதிகளைத் தரவில்லை. ஆகையால் நீங்கள் சொன்ன வரிசையை வைத்து நானே தேதி இட்டு எழுதிக் காட்டுகிறேன். உங்கள் கோப்போடு பொருத்திப் பாருங்கள்.

```
03/03/24, 9:15 am - Your security code with மச்சான் changed. Tap to learn more.
14/08/24, 7:52 pm - Your security code with மச்சான் changed. Tap to learn more.
15/08/24, 10:06 am - மச்சான்: அந்த அக்கவுண்ட் வேண்டாம், மனைப் பணத்தை இதுல போடுங்க
16/08/24, 11:31 am - Your security code with மச்சான் changed. Tap to learn more.
```

மார்ச் மாத வரி தனியாக நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் பேச்சு ஒரே நடையில் ஓடியிருந்தால், அவர் புது ஃபோன் வாங்கியிருப்பார். அந்த மாதம் வாங்கினாரா என்று கேட்டால் போதும். ஆகஸ்டில் வந்திருக்கும் இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை, ஏனென்றால் அவை ஜோடியாக வந்திருக்கின்றன. வாட்ஸ்அப் ஒரு எண்ணை ஒரு நேரத்தில் ஒரு முதன்மை ஃபோனில் மட்டுமே பதிய விடுகிறது. வேறொருவர் அந்த எண்ணைத் தன் ஃபோனில் பதிந்த கணத்தில் மச்சானின் ஃபோன் வெளியேற்றப்படும்; சாவி மாறும்; உங்களுக்கு ஒரு வரி வரும். மச்சான் திரும்பவும் குறுஞ்செய்தி எண்ணைப் போட்டு உள்ளே வந்தால், இப்போது அந்நியரின் சாவி போய் அவருடைய சாவி வரும். உங்களுக்கு இன்னொரு வரி வரும். போனதற்கு ஒன்று, மீண்டதற்கு ஒன்று. அந்நியர் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான PIN எண் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தாலும், உரியவர் குறுஞ்செய்தி எண்ணைப் போட்ட கணத்தில் அந்நியர் வெளியேற்றப்படுவார்; அந்த PIN தெரியாவிட்டால் உரியவர் ஏழு நாள் காத்திருந்துதான் கணக்கைப் பயன்படுத்த முடியும். அப்படி நடந்திருந்தால் ஒரு வாரம் அவரிடமிருந்து செய்தியே வந்திராது. அந்த மௌனமும் கோப்பில் தெரியும்.

பணம் கேட்ட செய்தி இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் வந்திருந்தால், மச்சான் சொல்வதற்கு அது ஒத்துவருகிறது. அந்த ஜோடியின் முதல் வரிக்கு முன்போ, இரண்டாவது வரிக்குப் பின்போ வந்திருந்தால் ஒத்துவரவில்லை. ஆகஸ்டில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்து, அதற்குப் பிறகும் அவர் அதே எண்ணிலிருந்து வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருந்தால், கணக்கைப் பறிகொடுத்து மீட்டார் என்ற கதைக்குத் தேவையான இரண்டாவது மாற்றம் எங்கே என்று கேட்கலாம். ஆனாலும் ஜோடியாக வருவதும் முடிவான சான்று இல்லை. ஃபோன் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் நண்பரின் பழைய ஃபோனில் எண்ணைப் பதிந்துகொண்டு, பிறகு தன் ஃபோனுக்குத் திரும்பியவருக்கும் இதே ஜோடிதான் வரும்.

அதனால் அடுத்ததாக அவருடைய கோப்பைத் திறந்து, 14ஆம் தேதி மாலையிலிருந்து 16ஆம் தேதி காலை வரை என்ன இருக்கிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் மிகுந்த பயன் தருவது இந்த இடம்தான். செய்திகள் ஃபோனில்தான் இருக்கின்றன. அந்நியர் தன் ஃபோனில் எண்ணைப் பதிந்து அனுப்பிய செய்தி உங்கள் ஃபோனிலும் அந்த அந்நியரின் ஃபோனிலும் இருக்கும். மச்சானின் ஃபோனில் இருக்க வழியில்லை. நீங்கள் பதிலுக்கு ‘போட்டுவிட்டேன்’ என்று அனுப்பியதும் அந்நியருக்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஆக, பணம் கேட்ட செய்தியும் உங்கள் பதிலும் சேர்ந்து அவருடைய கோப்பில் இல்லாமல், அந்த ஒன்றரை நாள் முழுவதும் வெறுமையாக இருந்தால், அது அவர் சொல்வதற்கு ஆதரவாக நிற்கிறது. அந்தச் செய்தி அவருடைய கோப்பில் அவர் அனுப்பியதாகவே இருந்தால், வேறு ஃபோனில் பதிந்து அனுப்பினார்கள் என்ற விளக்கம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அப்போதும் அவரே அனுப்பினார் என்று உடனே சொல்லிவிட முடியாது. அவருடைய கணக்கோடு இணைத்த கணினியிலிருந்தோ, திறந்து கிடந்த ஃபோனிலிருந்தோ பிறர் அனுப்பியிருக்கலாம்.

வெறுமைக்கும் வேறு காரணங்கள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்று ஒரு செய்தியை நீக்கினால் எக்ஸ்போர்ட்டில் அதற்கு எந்தத் தடயமும் இராது. செயலியை மறுபடி நிறுவியவர் பழைய ஐகிளவுட் காப்பிலிருந்து மீட்டிருந்தால், அந்தக் காப்பு எடுத்த நாளுக்குப் பிந்தியவை எல்லாமே போயிருக்கும். தானே மறையும் செய்திகளை யாராவது இயக்கியிருந்தாலும் இடைவெளி வரும், ஆனால் அதை இயக்கியதற்கு ஓர் அறிவிப்பு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். வேறுபாட்டைக் காண ஒரு வழி, அவர் வேறு யாரோடு பேசியதையும் பார்ப்பது. உங்கள் பேச்சில் மட்டும் ஓட்டை இருந்தால் யாரோ கையால் நீக்கியிருக்கிறார்கள் என்ற ஐயம் வலுக்கும். எல்லாப் பேச்சுகளிலும் அதே ஒன்றரை நாள் காணாமல் போயிருந்தால் கணக்கு கைமாறியதற்கோ காப்பு பழையதாக இருந்ததற்கோ அது பொருந்தும்.

அந்த ஐயத்தையும் தீர்க்க மூன்றாம் நபரின் ஃபோன் உதவும். மச்சானின் சாவி மாறினால் அது உங்களுக்கு மட்டும் மாறுவதில்லை. அவரோடு பேசும் எல்லோருக்கும் மாறுகிறது. உங்கள் அக்காவோ குடும்பக் குழுவில் இருக்கும் வேறு யாரோ அந்த அறிவிப்பை இயக்கி வைத்திருந்தால், அவர்கள் ஃபோனிலும் 14ஆம் தேதி மாலையும் 16ஆம் தேதி காலையும் ஒட்டி இதே வரிகள் இருக்க வேண்டும். அவர்களிடமும் அந்நியர் பணம் கேட்டிருக்கலாம். கணக்கைப் பறிப்பவர்கள் ஒருவரோடு நிறுத்திக்கொள்வது அரிது. உங்கள் கோப்பில் மட்டும் உள்ள ஒரு வரியைவிட, தொடர்பில்லாத இரண்டு ஃபோன்களில் ஒரே நேரத்தில் பதிந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

செய்தியின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். புதிதாக எண்ணைப் பதிந்த ஃபோனுக்குப் பழைய பேச்சு வராது. காப்பு வைத்திருக்கும் ஆப்பிள் கணக்கையும் சேர்த்துப் பிடித்திருந்தால்தான் வரும். அப்படியிருக்க, ‘அந்த அக்கவுண்ட் வேண்டாம்’, ‘மனைப் பணம்’ என்று பழைய பேச்சைத் தெரிந்துகொண்டு எழுதியது எப்படி? இது மச்சானுக்கு எதிராகத் தெரிகிறது. ஆனால் 14ஆம் தேதி மாலைக்குப் பிறகு நீங்களே ‘மனைப் பணத்தை அந்த அக்கவுண்ட்டிலேயே போடட்டுமா’ என்று கேட்டிருந்தால், அந்நியருக்கு அந்த விவரத்தைக் கொடுத்தது உங்கள் கேள்விதான். 7:52க்கு முன்பே நீங்கள் அனுப்பி, ஒற்றை டிக்கோடு நின்ற செய்தியாக இருந்தாலும் அப்படித்தான். சேராமல் நிற்கும் செய்தியை வாட்ஸ்அப் புதிய சாவிக்கு மறுபடி பூட்டித் தானாக அனுப்பிவிடும். 2017ஆம் ஆண்டு தி கார்டியன் இதழ் இதைப் பின்கதவு என்று எழுதி, பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் அந்தச் சொல்லை மறுத்து, பெரிய விவாதமே நடந்தது. எக்ஸ்போர்ட்டில் டிக் விவரம் வராது. உங்கள் ஃபோனிலேயே அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் விவரத்தில் எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று பாருங்கள். அனுப்பியது 7:52க்கு முன்பும் சேர்ந்தது பின்பும் என்று இருந்தால், அது புதிய ஃபோனுக்குத்தான் போயிருக்கிறது.

மச்சானிடம் கேட்க வேண்டியவையும் இதிலிருந்தே வருகின்றன: 14ஆம் தேதி மாலை ஷார்ஜா நேரம் ஆறேகாலை ஒட்டி அவருக்கு வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியாக வந்ததா, அதை யாருக்காவது சொன்னாரா, அல்லது அந்தச் சமயத்தில் சிம்மே வேலை செய்யாமல் போனதா, அந்த எண் இந்த ஃபோனில் இனிப் பதிவில் இல்லை என்று வாட்ஸ்அப் காட்டியதா. 16ஆம் தேதி காலையும் அதேபோல ஒரு குறுஞ்செய்தி வந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திப் பெட்டி வாட்ஸ்அப்பிலிருந்து தனியானது. செயலியை நீக்கினாலும் அது போவதில்லை. அதில் அந்த இரண்டு குறுஞ்செய்திகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது, உங்கள் கோப்பிலுள்ள வரிகளை ஆயிரம் முறை படிப்பதைவிட மேலானது.

இன்றைக்கு அவரோடு 60 இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் ஆகஸ்டில் நடந்தது தெரியுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். தெரியாது. இப்போது நீங்கள் பேசுவது அவருடைய ஃபோனோடுதான் என்பது மட்டும் உறுதியாகும். பழைய சாவி எதுவாக இருந்தது என்பதை அந்தத் திரை காட்டாது.

கடைசியாக, கோப்பைக் கையாளும் முறை. எக்ஸ்போர்ட் என்பது வெறும் உரைக் கோப்பு; ஒரு வரியைச் சேர்க்கவும் நீக்கவும் யாராலும் முடியும், அதனால் அதை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் ஃபோனை மாற்றாதீர்கள், செயலியை நீக்காதீர்கள், அந்தப் பேச்சில் எதையும் அழிக்காதீர்கள். அறிவிப்பு வரிகள் திரையில் இருக்கும்படியே இருக்கட்டும். பேச்சு மிக நீளமானதாக இருந்தால் கோப்பின் தொடக்கம் உண்மையான தொடக்கம்தானா என்று பாருங்கள், ஏனெனில் எக்ஸ்போர்ட்டுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, படங்களோடு எடுத்தால் அது இன்னும் குறைவு. பழைய வரிகள் வெட்டுப்பட்டிருக்கலாம். நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பும் வேண்டும். ஆகவே எடுத்த கோப்பைத் திறந்து சேமிக்காமல், எடுத்த அன்றே ஹாஷ் கணக்கிட்டு எழுதி வையுங்கள். விண்டோஸ் கணினியின் Command Prompt திரையில் இந்த ஒரு வரி போதும், chat.txt என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை இடுங்கள்:

```
certutil -hashfile chat.txt SHA256
```

மச்சானின் கோப்புக்கும் அவர் முன்னிலையிலேயே இதைச் செய்துவிடுங்கள். இரண்டு கோப்புகளின் ஹாஷையும் தேதியோடு ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.